மீன் வாடையும் மெட்ரோனிடசோலும்

"22 வாரம். சாம்பல் நிற வெள்ளைப்படுதல், மீன் வாடை, அரிப்பு இல்லை. மெட்ரோனிடசோல் 7 நாள் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஆகுமா?"

ஆகும், பயப்படாமல் சாப்பிடுங்கள் சகோதரி. கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து இது. பிறவிக் குறைகளோடு தொடர்பு தெரியவில்லை.

நீங்கள் சொல்வது பூஞ்சைத் தொற்றைவிட பாக்டீரியல் வஜைனோசிஸ் போலத்தான் இருக்கிறது. இதில் பிறப்புறுப்பில் நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா குறைந்து, வேறு கிருமிகள் பெருகிவிடும். அவை கருப்பைக்குள் ஏறிப் பனிக்குடச் சவ்வில் அழற்சி உண்டாக்கினால், நீர் முன்னதாகவே உடைந்து குறைப்பிரசவம் ஆகலாம். மாத்திரை அந்த ஆபத்தை முழுதும் நீக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தொற்று பெரும்பாலும் அடங்கும்.

வாடை 3 நாளில் போனாலும் 7 நாளும் முடியுங்கள். உள்ளே கழுவ வேண்டாம், அது லாக்டோபேசில்லஸை இன்னும் குறைக்கும். அப்புறம், தண்ணீர் மாதிரி கசிந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.