ஒரு பக்கக் குறிப்பு

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு சிறிய பவுண்டரியில், எம்.டி. அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நிலுவைப் பணம் கேட்டு எங்கள் பெரிய வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் தலைவரை அவர் சந்திக்கப் போகிறார். ஒரே பக்கத்தில் குறிப்பு வேண்டும் என்றார். நான்கு பக்கம் வந்தது, எழுத்தைச் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அடக்கினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த எழுத்தளவு சரி? தமிழில் எழுதலாமா? என்னென்ன தலைப்புகள் இருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுத்தளவை விடுங்கள். காரில் போகும்போது கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தால் போதும். மொழியும் அப்படித்தான், அவர் எதில் யோசிக்கிறாரோ அதில் எழுதுங்கள். நான்கு பக்கத்தைச் சுருக்கி ஒரு பக்கம் ஆக்கியதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். எதை விடுவது என்ற முடிவை உங்கள் முதலாளி உங்களிடம் ஒப்படைத்தார். நீங்கள் அதை அவரிடமே திருப்பித் தள்ளிவிட்டீர்கள்.

இளவயதில் நான் ஒரு தொழிற்சாலை முதலாளியிடம் செயலாளராக இருந்தேன். அவரும் இப்படித்தான் பாக்கி கேட்கப் போனார். விற்பனைப் பிரிவு தந்த குறிப்பில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் வரலாறு, ஆலைகள், விருதுகள் எல்லாம் இருந்தன. எதிரே இருந்தவர், பில் தொகையில் பிடித்தம் செய்யும் ஒரு டெபிட் நோட்டை எடுத்து மேசையில் வைத்து, "உங்க காஸ்டிங்ல புளோ ஹோல். முதல்ல இதைப் பேசுவோம்" என்றார். அப்படி ஒரு தாள் வந்திருப்பதே முதலாளிக்குத் தெரியாது. எங்கள் தரப் பிரிவின் மேசையில் அது கிடந்தது. பாக்கியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாமல், வருத்தம் தெரிவித்துவிட்டு எழுந்து வந்தார். அறுபது வயது மனிதர், அன்று காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஆகவே எதிராளி எதை எடுத்து மேசையில் வைப்பார் என்பதை முதலில் தேடுங்கள். விற்பனைப் பிரிவிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர்களுக்கு உறவு கெடக்கூடாது என்ற கவலை. தரப் பிரிவு, டிஸ்பேட்ச், கணக்குப் பிரிவு மூன்றிடமும் போய் உட்காருங்கள்.

உங்கள் பாக்கி 60 லட்சம், அதில் 9 லட்சத்துக்கு ரிஜெக்‌ஷன் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதை 'தரப் புகார் உள்ளது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. புகார் எந்தத் தேதியில், எழுத்தில் வந்ததா என்று பாருங்கள். உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அந்தச் சட்டம் கருதுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான்.

இப்போது அந்த 9 லட்சத்தைப் பிரியுங்கள். 5 லட்சத்துக்கான லாட்டுக்கு 11ஆம் நாளே மின்னஞ்சல் வந்திருக்கிறது. அங்கே அவர்கள் பக்கம் நியாயம் உண்டு, அந்த ஆட்சேபம் தீரும்வரை நாள் கணக்கே ஓடாது. மீதி 4 லட்சத்துக்கு 28ஆம் நாள்தான் புகார் வந்தது. அது ஏற்கப்பட்ட சரக்கு. ஆக, கெடு தாண்டிவிட்டதென்றால் உங்கள் முதலாளி தயக்கமின்றிக் கேட்கக்கூடிய தொகை 55 லட்சம்.

குறிப்பின் முதல் வரி இதுதான்: '55 லட்சத்துக்கு எழுத்தில் ஒரு தேதி வாங்கிக்கொண்டு எழ வேண்டும்.' அடுத்து, அவர்கள் எடுக்கப்போகும் டெபிட் நோட், அதன் தேதிகள், நம் பதில். பிறகு, எதுவரை விட்டுக்கொடுக்கலாம்: 5 லட்சத்துக்குக் கூட்டுப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளலாம், அதைக் காட்டி மொத்தத்தையும் நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ள முடியாது. மாற்று காஸ்டிங் எப்போது தருவோம் என்றால், மோல்டிங் ஷாப் உறுதி சொன்ன தேதியை மட்டும் எழுதுங்கள்.

சட்டத்தை அவர் முதலில் எடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க முடியும், ஆனால் அதைச் சொன்ன நிமிடமே பேச்சு வக்கீல்களிடம் போய்விடும். மார்ச் மாதம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டியும் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. அவர்களுடைய நிதித் தலைவருக்கு இது தெரியும், பர்ச்சேஸ்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் நிதித் தலைவரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்கும்படி ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், கிளம்பும் நாள் காலையில் கணக்குப் பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள். இரவோடு இரவாக அவர்கள் 10 லட்சம் அனுப்பியிருந்தால் முதல் வரியே தப்பாகிவிடும். தொகைக்குப் பக்கத்தில் எந்தத் தேதி, எத்தனை மணி நிலவரம் என்று போட்டுக் கொடுங்கள்.