“முழுசாக” என்றால் எதுவரைக்கும்?

கேள்வி: வௌவாலின் மூளையை முழுசாகப் படம்பிடித்துவிட்டால், அது எப்படி உணர்கிறது என்பதும் தெரிந்துவிடுமே! தத்துவக்காரர்கள் ஏன் இன்னும் ஒரு குருட்டு வௌவாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்?

பதில்: அந்தக் “குருட்டு” என்பதை முதலில் அடித்துவிடுங்கள். குருட்டு வௌவால் என்று ஒரு இனமே கிடையாது. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை கண்ணை நம்பித்தான் பறக்கின்றன. தத்துவக்காரர் தாமஸ் நேகல் “வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும்?” என்று கேட்டு 1974இல் எழுதிய கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது எதிரொலியால் இரை தேடும் வௌவால்களை. அவற்றிடம் நம்மிடம் இல்லாத ஒரு புலன் இருக்கிறது, அதனால் எடுத்துக்கொண்டார். குருடு என்று நினைத்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும் என்று தோன்றும். அப்படி நடந்தால் கண்ணைக் கட்டிய மனிதனின் அனுபவம்தான் கிடைக்கும். தலைகீழாகத் தொங்கிப் பார்த்தாலும் இதே கதைதான். இதை நேகலே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் “முழுசாக”. எவ்வளவு தூரம் முழுசாகப் போகலாம் என்று ஒரு வௌவாலை வைத்தே பார்த்துவிடுவோம்.

பெரிய குதிரைலாட வௌவால் மூக்கு வழியாகக் கத்தும். சத்தம் ஏறக்குறைய 83 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு கைவிரித்துவிடும். உட்கார்ந்த இடத்தில் கத்தினால் எதிரொலியும் அதே அதிர்வெண்ணில் திரும்பும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு மரத்தை நோக்கிப் பறக்கிறது என்று வையுங்கள். டாப்ளர் விளைவால் எதிரொலி சுமார் 85.5 கிலோஹெர்ட்ஸாக ஏறிவிடும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் வௌவாலுக்கு அது பெரிய இழப்பு. அதன் உட்காதின் நத்தைச்சுருளில் 83ஐ ஒட்டிய மிகக் குறுகிய பட்டைக்கு மட்டும் விகிதத்துக்கு மீறிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எதிரொலி அந்தப் பட்டையை விட்டு விலகினால் நுட்பமெல்லாம் போய்விடும். அதனால் வௌவால் தன் குரலையே சுமார் 80.6க்கு இறக்கிக்கொள்கிறது. எதிரொலி ஏறி வந்து 83இல் சரியாக விழுகிறது. இதை ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் 1968இல் காட்டினார்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு அந்துப்பூச்சிக்காக. இந்த வௌவாலின் ஒவ்வொரு கத்தலும் நீளமானது, பல பத்து மில்லி வினாடி நீடிக்கும். அதற்குள் பூச்சி ஒருமுறையாவது சிறகை அடித்துவிடும். சிறகு வௌவாலுக்கு நேராகத் திரும்பும் கணத்தில் எதிரொலி ஒரு பளிச்சோடு வரும். கூடவே அதிர்வெண்ணும் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்தத் தாளம் இலையின் எதிரொலியில் இருக்காது. இலைக் கூட்டத்துக்கு நடுவே உயிருள்ள இரையை இந்த வௌவால் அப்படித்தான் பிரித்தெடுக்கிறது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. காதிலிருந்து மூளைப்புறணி வரை எந்த நரம்பணு எந்த அதிர்வெண்ணுக்குத் துடிக்கிறது என்று மின்முனை வைத்து அளக்கிறார்கள். நீங்கள் சொன்ன படத்தை இன்னும் ஆயிரம் மடங்கு கூர்மையாக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சிறகுத் துடிப்பு வௌவாலுக்கு ஒரு நடுங்கும் ஸ்வரமாகக் கேட்கிறதா, ஒரு மினுக்கலாகத் தெரிகிறதா, தோலில் ஊர்வதுபோல் இருக்கிறதா, இல்லை இந்த மூன்றிலும் சேராத வேறொன்றா? படத்தில் எந்த மூலையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்வீர்கள்?

“காதின் வழியாக வருகிறது, கேட்பதாகத்தான் இருக்கும்” என்று உடனே எழுதுவீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் வழி அறியும் பார்வையற்ற இருவரை லோர் தாலரும் கூட்டாளிகளும் ஸ்கேன் செய்தார்கள். எதிரொலி கேட்கும்போது அவர்கள் மூளையில் வேலை செய்தது, பார்வையுள்ளவர்களுக்குப் பார்வைக்கென இருக்கும் பகுதி. அப்படியானால் அவர்கள் “பார்த்தார்களா”? ஸ்கேன் அதைச் சொல்லாது, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: மூளையின் இந்த இடம், இன்ன அனுபவம் என்று நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடியில் யாரோ ஒருவர் வாய் திறந்து சொன்னது இருக்கிறது. வைல்டர் பென்ஃபீல்ட் அறுவை மேசையில் விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மின்முனையால் தொட்டார். கை கூசுகிறது, பாட்டு கேட்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். நோயாளி வாயைத் திறக்காவிட்டால் அவர் கையில் மிஞ்சியிருப்பது எண்ணிட்ட புள்ளிகள் மட்டும். வௌவால் விஷயத்தில் நாம் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். கருவி இன்னும் கூர்மையாக வேண்டும் என்பது சிக்கலே இல்லை.

“வெப்பத்தைக்கூட ஒரு காலத்தில் உணர்ச்சி என்றுதானே நினைத்தோம், பிறகு மூலக்கூறுகளின் அசைவு என்று விளக்கிவிட்டோமே” என்று இந்தப் பக்கத்துக்கு வருஷத்துக்கு நாலு கடிதமாவது வரும். வெப்பத்தை விளக்கியபோது என்ன செய்தோம்? தோலில் சுடுவது எப்படி இருக்கிறது என்பதை ஒதுக்கி வைத்தோம். அதை மனம் என்னும் கணக்கில் எழுதிவிட்டு, மிச்சத்தை விளக்கினோம். ஒதுக்கி வைத்ததே இப்போது விளக்க வேண்டியதாக வந்து நிற்கும்போது, அதையும் எந்தக் கணக்குக்குத் தள்ளுவீர்கள்? அதே உத்தி இங்கே செல்லாது என்பதுதான் நேகலின் வாதத்தின் முதுகெலும்பு.

இதைக் கேட்டதும் “பார்த்தீர்களா, அறிவியல் தோற்றது, ஆன்மா உண்டு” என்று கிளம்பும் நண்பர்களோடும் எனக்குப் பழைய தகராறு உண்டு. மனமும் பருப்பொருளின் வேலைதான் என்னும் பருப்பொருள்வாதம் பொய் என்று நேகல் அந்தக் கட்டுரையில் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்தால் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதற்கான கருத்துகூட இன்று நம்மிடம் இல்லை என்றார். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. தயவுசெய்து கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அனுபவத்தின் அமைப்பை, அந்த அனுபவம் வாய்க்காதவருக்கும் புரியும்படி விவரிக்க ஒரு மொழி வேண்டும் என்று அங்கே கேட்கிறார்.

அந்த மொழியில் சில வரிகள் ஏற்கெனவே நம்மிடம் உண்டு என்பது என் எண்ணம். ஆரஞ்சு நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே நிற்கிறது, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே அப்படி ஒன்று கிடையாது. பிறவியிலேயே பார்வையற்றவர் இதை முழுக்கப் புரிந்துகொள்ளலாம், சிவப்பு என்னவென்று தெரியாமலே. வௌவாலிடமும் இதைச் செய்யலாம். மேடையில் உட்கார வைத்து, வலது இடது என இரண்டு இலக்குகள் வைத்து, கிட்டத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு புழு கொடுப்பார்கள். தூர வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே போய், தேர்வு வெறும் குருட்டாம்போக்காகிவிடும் இடத்தைக் குறிப்பார்கள். ஜேம்ஸ் சிம்மன்ஸ் 1970களில் செய்த இத்தகைய சோதனைகளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூட வௌவால்கள் பிரித்தன. எது எதற்குக் கிட்டம், எது எட்டம் என்று வௌவாலின் உலகத்துக்கு இப்படி ஒரு சட்டகம் போடலாம். ஆனால் ஒரே சட்டகத்தில் இரண்டு வேறு அனுபவங்கள் பொருந்தினால், சோதனையில் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

தத்துவக்காரர்களை விடுங்கள், மருத்துவர்களுக்கும் இது தொங்கலில்தான் நிற்கிறது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, நினைவிழந்த நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. ஆரோக்கியமானவர்கள் அதே கற்பனையைச் செய்யும்போது வேலை செய்யும் மூளைப் பகுதி அவருக்கும் வேலை செய்தது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க, வாய் திறந்து சொல்லக்கூடிய மனிதர்கள் இருந்தார்கள். அவருடையதும் அதே வகை மூளை. சொன்னதைப் புரிந்துகொள்ளும் மொழியும் அவரிடம் இருந்தது. உங்கள் முழுசான படத்தை வௌவாலிடம் கொண்டுபோகும்போது, இந்த மூன்றில் எது உங்கள் கையில் இருக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.