12 வோல்ட், மூன்று மின்தடை, ஒரு ஸ்கிரீன்ஷாட்

கோத்தகிரிப் பக்கம் பிள்ளைகளின் போன்களில் ஒரு மின்சுற்றுப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ பாடக் காணொளியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள். மொத்த மின்தடை எவ்வளவு, மொத்த மின்னோட்டம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. குன்னூரில் எலக்ட்ரிக்கல் லேப் பார்த்து ஓய்வு பெற்ற என்னிடம் அந்த ஒரே படத்தைப் பலர் பலவிதமாகக் கேட்டுவிட்டார்கள்.

படம் இதுதான். இடது ஓரத்தில் 12 V பேட்டரி, பிளஸ் மேலே. மேல் கம்பியில் R1 = 4 Ω. அதைத் தாண்டியதும் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து நேர் கீழே R2 = 6 Ω இறங்குகிறது. மேல் கம்பி புள்ளியோடு நிற்காமல் வலது மூலைக்குப் போய், இறங்கி, கீழ்க் கம்பியாக இடப்பக்கம் திரும்புகிறது. அந்தக் கீழ்க் கம்பியில் படுத்திருக்கிறது R3 = 12 Ω. அதையும் தாண்டினால் R2-வின் அடியில் இரண்டாவது புள்ளி, அங்கிருந்து பேட்டரியின் மைனஸ்.

பத்தாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி: R1-ம் R3-ம் வெளிச்சுற்றில் வரிசையாக இருக்கின்றன, அதனால் தொடரிணைப்பு. 4 + 12 = 16. நடுவில் நிற்கிற 6 பக்க இணைப்பு. 4.36 ஓம் வருகிறது. புத்தக விடை 8. எங்கே தப்பு சார்?

படத்தின் வடிவத்தைப் பார்த்துவிட்டாய் கண்ணு, அங்கேதான் தப்பு. படுத்திருப்பதெல்லாம் தொடரிணைப்பு, நிற்பதெல்லாம் பக்க இணைப்பு என்று கண் தானாகவே முடிவு கட்டிவிடும். கம்பியை எப்படி வளைத்து வரைந்தாலும் மின்சாரத்துக்கு அது ஒன்றுதான். எது எதோடு சேர்கிறது என்பது மட்டுமே கணக்கு.

போனிலேயே படத்தைத் திறந்து, வண்ணம் தீட்டும் கருவியை எடுத்துக்கொள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு போட்டுக்கொண்டே போ. R1 வந்ததும் நிறுத்து. R1-ஐத் தாண்டியதும் பச்சை. அந்தப் பச்சை புள்ளியில் பிரிந்து R2-வின் தலைக்குப் போகும். இன்னொரு கிளை மூலையெல்லாம் சுற்றி R3-ன் வலது முனைக்குப் போகும். மூலை திரும்பினாலும் நிறம் மாறக்கூடாது, நடுவில் எந்தத் தடையும் வரவில்லையே. மிச்சமிருக்கும் கம்பிக்கு நீலம்: R2-வின் அடி, R3-ன் இடது முனை, பேட்டரியின் மைனஸ்.

இப்போது ஒவ்வொரு மின்தடைக்கும் இரு முனையிலும் என்ன நிறம் என்று பார். R2-க்குப் பச்சையும் நீலமும். R3-க்கும் பச்சையும் நீலமும். இரண்டு நிறமும் ஒத்துப்போனால் பக்க இணைப்பு, எவ்வளவு தள்ளி வரைந்திருந்தாலும் சரி. R1-ம் R3-ம் பச்சையில் சந்திக்கின்றன என்பது உண்மை, ஆனால் அதே பச்சையில் R2-வும் வந்து சேர்கிறது. இரண்டே பேர் சந்திக்கிற இடம்தான் தொடரிணைப்பு. மூன்றாவது ஆள் வந்துவிட்டால் மின்னோட்டம் அங்கே பிரிந்துவிடும்.

அப்புறம் கணக்கு இரண்டு வரிதான்.

```
R2 || R3 = (6 × 12) / (6 + 12) = 4 Ω
R = 4 + 4 = 8 Ω,   I = 12 / 8 = 1.5 A
```

ஒரு மாணவனின் அப்பா, குன்னூர்: மொத்தத் தடை 4-க்கு மேலும் 10-க்குக் கீழும் இருக்கவேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 4.36 அதற்குள்தானே வருகிறது? விடை தப்பு என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

நீங்கள் சொல்லிக்கொடுத்தது நல்ல சோதனைதான். எல்லா மின்னோட்டமும் R1 வழியாகப் போயாகவேண்டும், அதனால் 4-க்குக் குறையாது; R2-க்குப் பக்கத்தில் இன்னொரு வழி இருப்பதால் 10-ஐ எட்டாது. ஆனால் இது பெரிய ஓட்டைச் சல்லடை. இந்தத் தப்பு அதில் நழுவிவிட்டது.

விடையைத் திரும்பப் படத்துக்குள் போடச் சொல்லுங்கள். தப்பான கணக்குப்படி 12-ஐ 4.36-ஆல் வகுத்தால் 2.75 ஆம்பியர். அது R1-ல் போனால் 4 × 2.75, அதாவது 11 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சம் 1 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 6 ஓமில் 0.17 ஆம்பியரும் 12 ஓமில் 0.08 ஆம்பியரும்தான் போகமுடியும், கூட்டினால் கால் ஆம்பியர். உள்ளே வந்தது 2.75, வெளியே போவது 0.25 என்றால் கணக்கு உதைக்கிறது.

சரியான விடையைப் போட்டால் R1-ல் 6 வோல்ட், மிச்சம் 6 வோல்ட். R2-வில் 1 ஆம்பியர், R3-ல் அரை. கூட்டினால் அதே 1.5.

தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்: கரண்ட் எப்பவும் தடை கம்மியான வழியில்தான் போகும். 12 ஓமை விட்டுவிட்டு 4-ம் 6-ம் கூட்டி 10 என்று போட்டால் என்ன சார்?

பாதி சரி தம்பி. தடை குறைந்த வழியில் *அதிகமாக*ப் போகும், எல்லாமும் போகாது. இங்கே இரண்டுக்கு ஒன்று என்று பிரிகிறது. நீங்கள் சொல்கிறபடி போட்டால் 1.2 ஆம்பியர், உண்மையில் 1.5. பச்சை இலை எடை போடுகிற இடத்தில் மெதுவான தராசு ஒன்றைக் கூடுதலாக வைத்தாலும் வரிசை கொஞ்சம் வேகமாகத்தான் நகரும், அதே மாதிரி.

உங்கள் பேச்சு முழுசாகச் சரியாகிற இடமும் ஒன்று உண்டு. R2-வுக்குப் பக்கத்தில் வெறும் கம்பி இழுத்துவிட்டால் R2, R3 இரண்டுமே செத்த மாதிரி. R1 மட்டும் மிஞ்சும், 3 ஆம்பியர் போகும். நீங்கள் வேலையில் பார்த்த ஷார்ட் எல்லாம் இந்த வகை. அதனால்தான் அந்த வசனம் மனதில் ஊறிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவன், ஊட்டி: எனக்கு வந்த படத்தில் R3 = 120 என்று இருக்கிறது. விடை 1.24 ஆம்பியர் வந்தது. எல்லோரும் 1.5 என்கிறார்கள்.

கை மாறி மாறி வரும்போது படம் தேய்ந்துபோகிறது. சின்ன Ω குறியின் கால்கள் மறைந்து பூஜ்யமாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் R1, R2-வைப் பார். அவற்றுக்கு அலகு இருக்கிறது, R3-க்கு மட்டும் இல்லை. அலகு காணாமல் போன இடத்தில் அது எண்ணாக வேஷம் போடுகிறதா என்று சந்தேகப்படவேண்டும். 4k7 என்று எழுதியிருந்தால் அது 4.7 கிலோ ஓம். தசமப் புள்ளி இப்படிப் படத்தில் அழிந்துவிடும் என்றுதான் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் எழுத்தைப் போடுகிறார்கள்.

விடை அழகான எண்ணாக வரவில்லை, அதனால் தப்பு என்று மட்டும் முடிவு கட்டாதே. தேர்வுக் கேள்வியில் அது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

இல்லத்தரசி, கூடலூர்: மொத்த கரண்ட் கண்டுபிடிப்பது என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற யூனிட்தானே அண்ணா? எங்களுக்கு இந்த மாதம் ஏறிவிட்டது.

இல்லை அம்மா, இது வேறு. நாம் மின்சாரத்துக்கே கரண்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இவர்கள் கேட்பது அந்த நொடியில் எவ்வளவு ஓடுகிறது என்பது. யூனிட் என்பது எவ்வளவு நேரம் எவ்வளவு செலவாயிற்று என்பது. இந்தச் சுற்று இழுப்பது 18 வாட். ஒரு யூனிட் ஆக ஏறக்குறைய 56 மணி நேரம் எரியவேண்டும். உங்கள் வீட்டில் ஏறியதற்கு வெந்நீர் கெய்சரைப் பாருங்கள், குளிர்காலத்தில் பெரும்பாலும் அதுதான்.

டிப்ளமா மாணவர், கோத்தகிரி: படத்தை அப்படியே செய்துபார்த்தேன். 12 வோல்ட் சோலார் பேட்டரி, கடையில் வாங்கிய சின்ன மின்தடைகள். R1 புகைந்துவிட்டது. கணக்கு சரி, பிறகு ஏன்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே போலப் புகைவிட்டு மேசையில் கறுப்புத் தழும்பு ஏற்படுத்தியவன், அதனால் திட்டமாட்டேன்.

படம் ஓம் எவ்வளவு என்று சொல்கிறது, வாட் எவ்வளவு என்று சொல்லவில்லை. 1.5 ஆம்பியர் 4 ஓமில் போனால் 1.5 × 1.5 × 4, அதாவது 9 வாட் சூடு. R2-வில் 6, R3-ல் 3. நீங்கள் வாங்கியது கால் வாட் தாங்குகிற சின்ன ரகமாக இருக்கும். தாங்குவதைப் போல 36 மடங்கு சூடு! முதலில் புகைந்தது R1 என்பதும் பொருத்தம்தான், மூன்றில் அதற்குத்தான் சுமை அதிகம்.

பாடத்துக்காகச் செய்துபார்ப்பதென்றால் ஓமைக் கிலோ ஓமாக்கிவிடுங்கள். கடையில் 4-ம் 6-ம் சட்டென்று கிடைக்காது, 3.9, 6.8, 12 கிலோ ஓம் கிடைக்கும். மொத்தம் 8.24 கிலோ ஓம், 1.46 மில்லி ஆம்பியர். சூடு கைக்கே தெரியாது. தங்க வளையம் போட்ட மின்தடை என்றால் 5 சதவீதம் கூடலாம், குறையலாம், மீட்டர் 1.4 காட்டினாலும் 1.5 காட்டினாலும் பதற வேண்டாம். பேட்டரியையும் அளந்துகொள்ளுங்கள். 12 என்று எழுதியிருக்கும், நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 12.6 இருக்கும்.

ஜீப் ஓட்டுநர்: பனிக்குப் போட்ட ஃபாக் லைட் பல்பை மீட்டரில் வைத்தால் அரை ஓம்கூட இல்லை. அப்போ 24 ஆம்பியருக்கு மேலே இழுக்கணுமே, ஃபியூஸ் போகவில்லை!

நீங்கள் அளந்தது குளிர்ந்த பல்பை. உள்ளே இருக்கும் இழை எரியும்போது அதன் தடை பல மடங்கு ஏறும். 12 வோல்ட் 55 வாட் பல்பு என்றால் எரியும்போது 2.6 ஓம், 4.6 ஆம்பியர். போட்ட கணத்தில் நிறைய இழுப்பது உண்மை, ஆனால் ஃபியூஸ் உருகுவதற்குள் இழை சூடாகிவிடும். இந்தப் படத்தில் R3-க்குப் பதில் பல்பு வரைந்திருந்தால் இத்தனை சுலபமாக முடியாது. எல்.ஈ.டி. ஆக இருந்தால் இந்த வழியே செல்லாது.

அதே கோத்தகிரி மாணவி: சார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் இடது ஓரத்தில் r = என்று பாதி எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது.

நல்ல கண் உனக்கு. நான் பார்த்த பிரதியில் அந்த ஓரமே இல்லை. அது பேட்டரியின் அக மின்தடையாக இருக்கலாம். அப்படியானால் அதுவும் தொடரில் சேரும். r அரை ஓம் என்றால் மொத்தம் 8.5, மின்னோட்டம் 1.41 ஆம்பியர். ஒரு ஓம் என்றால் 9, 1.33. புத்தக விடை 8 என்கிறாய். அது வெளிச்சுற்றின் தடையை மட்டும் கேட்டதா, அல்லது வேறு படத்தின் விடையா என்று இந்தத் துண்டை வைத்துச் சொல்லமுடியாது. காணொளியை யார் நிறுத்தி எடுத்தார்கள் என்று விசாரித்து, ஓரம் வெட்டாத படத்தை வாங்கி அனுப்பு.