இன்னும் ஓராண்டு பள்ளி வேண்டாம், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரே கேள்வி மூன்று முறை வருகிறது. "அறிவுசார் குறைபாடு உள்ள என் மகனை இன்னும் ஓராண்டு பள்ளியிலேயே வைத்து, நன்றாகத் தயார்செய்த பிறகு வேலைக்கு அனுப்பலாமா?" வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கு, ஓரிடத்தில் கற்றது அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. பள்ளியில் துண்டு மடிக்கப் பழகியவன், வேறு மேசையும் வேறு சத்தமும் உள்ள சலவைக்கூடத்தில் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பில் வேலை முதலில் வருகிறது. பயிற்சி அந்த வேலையிடத்திலேயே நடக்கிறது. ஜாப் கோச் எனப்படும் பயிற்றுநர் கூடவே போய்க் கற்றுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். இதில் கடினமான பகுதி அந்த விலகல்தான்.

டர்பன் கடற்கரைப் பகுதியில் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் நாங்கள் சேர்த்த 19 வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய பயிற்றுநர் முதல் நாள் அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாமே துண்டுகளை மடித்துப் பார்த்து, வேலையை 11 படிகளாகப் பிரித்து எழுதினார். வண்டியிலிருந்து துண்டை எடுப்பது, கறை இருக்கிறதா என்று இருபுறமும் பார்ப்பது, கறை இருந்தால் நீலத் தொட்டியில் போடுவது, மேசையில் விரிப்பது என்று அது போகும். பிறகு தினமும் ஒவ்வொரு படிக்கும் எதிரே, அவள் தானாகச் செய்தாளா, சைகை காட்டியபின் செய்தாளா, வாயால் சொன்னபின் செய்தாளா, கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்ததா என்று குறித்துவந்தார். முதல் வாரம் 4 படிகள் அவளாகவே செய்தாள். மூன்றாம் வாரத்தில் அது 9 ஆனது.

இரண்டு படிகள் மட்டும் நகரவே இல்லை. ஒன்று, கறை பார்ப்பது. மற்றொன்று, வண்டி காலியானதும் அடுத்த வண்டியை இழுத்துவருவது. வண்டி காலியானால் அவள் அப்படியே நின்றுவிடுவாள். சோம்பல் என்று மேற்பார்வையாளர் நினைத்தார். குறிப்பேட்டைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஒவ்வொரு முறையும் பயிற்றுநர் "அடுத்தது என்ன?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியே அவளுக்கு வேலையின் ஒரு படியாகிவிட்டது. அது வரும்வரை காத்திருந்தாள். வாய்ச்சொல்லால் கொடுக்கும் உதவியை எடுப்பது எப்போதுமே கடினம்.

பயிற்றுநர் பேசுவதை நிறுத்தினார். காலி வண்டியின் அடித்தட்டில் நிறைந்த வண்டியின் புகைப்படத்தை ஒட்டினார். கடைசித் துண்டை எடுத்தால் படம் தெரியும். கறைக்கு, மேசையோரத்தில் கறை படிந்த துண்டின் படம். பத்து நாட்களில் இரண்டும் பழகிவிட்டன. அதன்பிறகே அவர் பக்கத்திலிருந்து சில அடி தள்ளி, பிறகு கதவருகே, பிறகு அடுத்த அறைக்கு என்று நகர்ந்தார். தேநீர் இடைவேளையை நினைவூட்டும் பொறுப்பைப் பக்கத்து மேசை அக்கா ஏற்றுக்கொண்டார். அந்த அக்கா இல்லாமல் பயிற்றுநர் போயிருந்தால் வேலை நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து மேசையை இடம் மாற்றினார்கள்; அவள் மறுபடி தடுமாறினாள். பயிற்றுநர் மூன்று நாள் திரும்பிவந்தார். ஆகவே எந்த அமைப்பு உங்களை அணுகினாலும், "பயிற்றுநர் எப்போது விலகுவார், மாற்றம் வந்தால் திரும்பி வருவாரா?" என்று கேளுங்கள். "ஆறு வாரப் பயிற்சி, பிறகு சான்றிதழ்" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.

போக்குவரத்தும் இதே முறைதான். மினிபஸ் டாக்சியில் கட்டணத்தை முன்வரிசைக்குக் கைமாற்றி அனுப்புவதையும், இறங்குமிடத்தைக் குரல்கொடுத்துச் சொல்வதையும் வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே தடத்தில் அவனோடு பயணம் செய்யுங்கள். பிறகு இரண்டு இருக்கை பின்னால் உட்காருங்கள்.

உதவித்தொகை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. உங்களுக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை அவனுடைய 18 வயதோடு நின்றுவிடும். மாற்றுத்திறனாளி உதவித்தொகை தானாகத் தொடராது. தென்னாப்பிரிக்க அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்தில் மருத்துவ மதிப்பீட்டோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வருமான வரம்பு உண்டு. சம்பளமும் கணக்கில் வரும். எனவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மாதச் சம்பளத் தொகையை எழுதி எடுத்துச் சென்று, உதவித்தொகை என்னவாகும் என்று அங்கே கேட்டுவிடுங்கள். வேலையில் சேர்ந்ததைத் தெரிவிக்காமல் விட்டால், பின்னர் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

படம் ஒட்டுவதற்கு நிறுவனம் முகம் சுளித்தால் தயங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்துதரச் சொல்கிறது. ஒரு புகைப்படம் அதில் மிகச் சிறியது.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி வண்டி ஏறும்வரை, யாரும் சொல்லாமல் மகன் செய்வது எது, உங்கள் குரலுக்காகக் காத்திருப்பது எது என்று ஐந்து நாட்கள் குறித்துவையுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் எந்த வேலை என்று பேசத் தொடங்குவோம்.