எல்எஸ்எம் ட்ரீ ஒரே டேட்டாவைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது, பி-ட்ரீ அப்படிச் செய்வதில்லை. பிறகு எப்படி எல்எஸ்எம் டிஸ்க்கில் குறைவாக எழுதும்?

*"சுமார் 200 கோடி சின்ன ரெக்கார்டுகள், ஒவ்வொன்றும் 100 பைட். வினாடிக்கு 5000 அப்டேட் வருகிறது, கீ எந்த வரிசையிலும் வராது. எல்எஸ்எம் நல்லது என்கிறார்கள். ஆனால் கம்பாக்ஷன் என்ற பெயரில் அது அதே ரெக்கார்டைப் பல முறை எழுதுகிறதே, அப்புறம் எப்படி டிஸ்க்குக்கு நல்லது?"*

டேட்டாபேஸ் தன் டேட்டாவை டிஸ்க்கில் அடுக்கும் இரண்டு முறைகள்தான் பி-ட்ரீயும் எல்எஸ்எம் ட்ரீயும். பி-ட்ரீ ஒரு ரெக்கார்டை ஒரு முறைதான் எழுதுகிறது என்ற எண்ணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பி-ட்ரீ ரெக்கார்டை எழுதுவதே இல்லை, பல ரெக்கார்டுகள் அடங்கிய, நிலையான அளவுள்ள பேஜைத்தான் எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாவைச் சேமிக்கப் பயன்படுத்தும் இன்னோடிபியில் ஒரு பேஜ் 16 கிலோபைட். அதற்குள் நீங்கள் மாற்றியது 100 பைட்தான் என்றாலும் டிஸ்க்குக்குப் போவது முழு 16 கிலோபைட்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம். 200 கோடி ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 100 பைட் என்றால் 200 ஜிபி. பேஜ்கள் எல்லாம் முழுக்க நிரம்பியிருப்பதாக வைத்துக்கொண்டாலும் (நிஜத்தில் அப்படி இருக்காது) ஏறக்குறைய 1.2 கோடி பேஜ்கள். நினைவகத்தில் 16 ஜிபி ஒதுக்கினால் சுமார் 10 லட்சம் பேஜ்கள் அங்கே இருக்கும். கீ எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதால், ஒரு அப்டேட் வரும்போது அதற்கான பேஜ் நினைவகத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டுதான். மீதி நேரங்களில் பேஜை டிஸ்க்கிலிருந்து படித்து, 100 பைட்டை மாற்றி, கொஞ்ச நேரத்தில் இடம் தேவைப்பட்டு அதை மறுபடி டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் அதே பேஜில் இன்னொரு அப்டேட் வந்து விழுந்திருந்தால் லாபம்தான். ஆனால் பெரும்பாலும் விழாது. ஆக, ஒரு அப்டேட்டுக்கு ஒரு பேஜ் எழுத்து. 16,384ஐ 100ஆல் வகுத்தால் 164 மடங்கு.

இதோடு முடியவில்லை. பேஜை எழுதும்போது பாதியில் மின்சாரம் போனால் அந்தப் பேஜ் பாதி பழையது, பாதி புதியது என்று கிழிந்து நிற்கும். அதைத் தடுக்க இன்னோடிபி ஒவ்வொரு பேஜையும் முதலில் டபுள்ரைட் பஃபரில் எழுதிவிட்டு, அப்புறம்தான் அதன் சொந்த இடத்தில் எழுதும். அதனால் 164 மடங்கு 328 ஆகிறது. மாற்றத்தை மட்டும் குறித்துவைக்கும் ரீடூ லாக் இதற்குப் பக்கத்தில் கணக்கிலேயே வராது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதையே வேறு வழியில் செய்கிறது. ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பேஜ் முதல் முறை மாறும்போது, அந்த முழுப் பேஜையும் லாகில் போட்டு வைக்கும். அங்கே பேஜ் 8 கிலோபைட் என்பதால் செலவு பாதி, ஆனால் கதை அதேதான்.

வினாடிக்கு 5000 அப்டேட், ஒவ்வொன்றுக்கும் 32 கிலோபைட் என்றால் 160 மெகாபைட்டுக்கு மேல். ஒரு நாளைக்கு 14 டெராபைட். உங்கள் அப்ளிகேஷன் உண்மையில் அனுப்பியதோ வினாடிக்கு அரை மெகாபைட்.

சரி, எல்எஸ்எம் பக்கம் வருவோம். 1996இல் ஓ'நீலும் மற்றவர்களும் இதை முன்வைத்தபோது, டிஸ்க்கின் தலை இங்கும் அங்கும் ஓடுவதைக் குறைப்பதுதான் நோக்கம். இன்று எஸ்எஸ்டியில் தலை இல்லை, ஆனாலும் இந்த அமைப்பின் பயன் குறையவில்லை. எல்எஸ்எம் முறையில் இயங்கும் ராக்ஸ்டிபியின் வழக்கமான அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். அப்டேட் வந்ததும் லாகில் ஒரு முறை எழுதப்படும், கூடவே நினைவகத்தில் உள்ள மெம்டேபிளில் சேரும். பழைய மதிப்பைப் படிக்கவே தேவையில்லை. மெம்டேபிள் 64 மெகாபைட் நிரம்பியதும் (உங்கள் வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்) கீ வரிசையில் ஒரே கோப்பாக லெவல் 0க்கு இறங்கும். இதுவரை இரண்டு எழுத்து.

லெவல் 0இல் இப்படி நான்கு கோப்புகள் சேர்ந்ததும், அந்த 256 மெகாபைட்டும் லெவல் 1இல் இருக்கும் 256 மெகாபைட்டும் ஒன்றாகக் கலந்து புதிதாக எழுதப்படும். இந்தக் கலப்புதான் கம்பாக்ஷன். புது டேட்டா 256, எழுதியது 512. இன்னும் இரண்டு கூடுகிறது.

அதற்குக் கீழே ஒவ்வொரு லெவலும் மேலே உள்ளதைப் போல பத்து மடங்கு பெரியது. லெவல் 2 என்பது 2.5 ஜிபி, லெவல் 3 என்பது 25 ஜிபி, லெவல் 4 என்பது 250 ஜிபி. உங்கள் 200 ஜிபி லெவல் 4இல் அடங்கிவிடும். மேல் லெவலிலிருந்து ஒரு கோப்பு கீழே இறங்கும்போது, அதன் கீ எல்லைக்குள் கீழே சுமார் பத்து கோப்புகள் இருக்கும். அவை அனைத்தையும் படித்து, கலந்து, 11 கோப்புகளாகத் திரும்ப எழுத வேண்டும். நீங்கள் குறிப்பிடும் 'திரும்பத் திரும்ப எழுதுதல்' இதுதான். லெவல் 1இலிருந்து 2க்கு 11, 2இலிருந்து 3க்கு 11, 3இலிருந்து 4க்கு 9 (அது முழுக்க நிரம்பவில்லை என்பதால்). எல்லாவற்றையும் கூட்டினால் மோசமான நிலையில் 35. நடைமுறையில் இதைவிடக் கணிசமாகக் குறையும். ஏனெனில் கீழ் லெவல்கள் எப்போதும் விளிம்பு வரை நிரம்பியிருப்பதில்லை, ஒரே கீயின் பழைய மதிப்புகளும் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

வினாடிக்கு அரை மெகாபைட்டை 35ஆல் பெருக்கினால் 17.5 மெகாபைட். நாளொன்றுக்கு 1.5 டெராபைட். 1.92 டெராபைட் கொள்ளளவும், நாளுக்கு ஒரு முழு எழுத்து என்ற உத்தரவாதமும் கொண்ட எஸ்எஸ்டி இதைத் தாங்கும். 14 டெராபைட்டை அது தாங்காது, உத்தரவாதக் காலத்தில் ஏழில் ஒரு பங்கிலேயே அதன் எழுத்து ஆயுள் முடிந்துவிடும்.

இந்த இரண்டு எண்களும் எதைப் பொறுத்து மாறுகின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பி-ட்ரீயின் 328 ரெக்கார்டின் அளவைப் பொறுத்தது. எல்எஸ்எம்மின் 35 லெவல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, ரெக்கார்டின் அளவு அதில் வரவே வராது. மொத்த டேட்டா அதே 200 ஜிபி, ஆனால் உங்கள் ரெக்கார்டு 100 பைட்டுக்குப் பதில் 4 கிலோபைட் என்று வையுங்கள். பி-ட்ரீயில் ஒரு பேஜுக்கு நான்கு ரெக்கார்டு. டபுள்ரைட்டோடு 8 மடங்கு, லாகையும் சேர்த்தால் 9. எல்எஸ்எம்மோ அதே 35இல் நிற்கும்! மேலே உள்ள கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 1 கிலோபைட் ரெக்கார்டு. எல்எஸ்எம்மின் நடைமுறை எண் 20 என்று எடுத்தால் அந்த இடம் 1.7 கிலோபைட்டுக்கு நகரும். பெரிய மதிப்புகளைத் தனிக் கோப்பில் வைத்து, கீயை மட்டும் ட்ரீயில் விடும் முறை (ராக்ஸ்டிபியில் BlobDB) வந்ததற்குக் காரணமே இதுதான். அப்போது கம்பாக்ஷனில் அலைவது சிறிய கீ மட்டும்.

அதேபோல, கீ ஏறுவரிசையில் வந்தால் பி-ட்ரீக்கு இந்தச் சுமையே இருக்காது. ஒரே பேஜில் 160 ரெக்கார்டு அடுத்தடுத்து சேர்ந்து, நிரம்பிய பிறகு ஒரு முறை டிஸ்க்குக்குப் போகும். ஆட்டோ இன்கிரிமென்ட் கீ உள்ள டேபிளில் சேர்க்க மட்டும் செய்கிறீர்கள் என்றால், எழுத்தைக் குறைப்பதற்காக எல்எஸ்எம்முக்கு மாறத் தேவையில்லை. ஆனால் அந்த டேபிளில் சிதறலான இன்டெக்ஸ் இரண்டு வைத்திருந்தால், பழைய பிரச்சினை அந்த இன்டெக்ஸ் வழியாகத் திரும்பி வந்துவிடும். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை.

இனி அளப்பது பற்றி. இதில் நானே தவறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு வேலைக்கு, காலி டேட்டாபேஸில் இரண்டு மணி நேரம் சோதனை ஓட்டினேன். ராக்ஸ்டிபியின் `LOG` கோப்பில் அவ்வப்போது `Compaction Stats` என்றொரு அட்டவணை வரும். அதில் எழுத்து எத்தனை மடங்கு பெருகுகிறது என்று காட்டும் `W-Amp` என்ற பத்தி ஒற்றை இலக்கத்திலேயே இருந்தது. அதை நம்பி டிஸ்க் வாங்கினோம். நான்காம் நாள் அது 20ஐத் தாண்டியிருந்தது. காரணம் எளிது. வினாடிக்கு அரை மெகாபைட் வேகத்தில் லெவல் 1உம் 2உம் நிரம்பவே ஒன்றரை மணி நேரம் ஆகும், லெவல் 3 நிரம்ப மேலும் 14 மணி நேரம். இரண்டு மணி நேரச் சோதனை கீழ் லெவல்களின் செலவைப் பார்த்திருக்கவே முடியாது. (புதிய பதிப்புகள் லெவல் அளவைக் கடைசி லெவலிலிருந்து மேல்நோக்கிக் கணக்கிடுகின்றன. அதனால் நிரம்பும் வரிசை மாறும், ஆனால் காலி டேட்டாபேஸில் அளந்த எண்ணை நம்பக்கூடாது என்பது மாறாது.) முதலில் முழு 200 ஜிபியையும் ஏற்றுங்கள், அதன் மேல் அப்டேட்டை ஓட்டி, அப்புறம் அளங்கள்.

டேட்டாபேஸ் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாமல் டிஸ்க்கிடமே கேட்பது இன்னும் நல்லது. `W-Amp` எண்ணில் லாக் எழுத்து சேராது.

```
nvme smart-log /dev/nvme0 | grep -i "data.units.written"
```

இதைச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்து, வித்தியாசத்தை 512000ஆல் பெருக்கினால் டிஸ்க்குக்குப் போன பைட் கிடைக்கும். அதை அப்ளிகேஷன் அனுப்பிய பைட்டால் வகுத்தால் உண்மையான மடங்கு. இன்னோடிபிக்கும் ராக்ஸ்டிபிக்கும் ஒரே அளவுகோல் என்பதால் இதுதான் நியாயமான ஒப்பீடு.

எல்எஸ்எம் இந்தச் செலவைப் பின்னணிக்குத் தள்ளிவைக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். அப்டேட் வரும் வேகத்துக்குக் கம்பாக்ஷன் ஈடுகொடுக்காவிட்டால் லெவல் 0இல் கோப்புகள் குவியும். வழக்கமான அமைப்பில் 20 கோப்பு ஆனதும் ராக்ஸ்டிபி எழுத்தை வேண்டுமென்றே மெதுவாக்கும், 36 ஆனதும் நிறுத்தியே விடும். அப்போது `LOG` கோப்பில் `Stalling writes` அல்லது `Stopping writes` என்ற வரிகள் தெரியும். அந்த வரிகளைக் கண்டதும் 20, 36 என்ற எல்லைகளை உயர்த்தத் தோன்றும். அப்படிச் செய்தால் முடிக்காத கம்பாக்ஷன் கடனாக அப்படியே இருக்கும், கோப்புகள் கூடியதால் படிப்பதும் மெதுவாகும். கம்பாக்ஷனுக்குக் கூடுதல் த்ரெட் கொடுப்பதும் (`max_background_jobs`), மெம்டேபிளைப் பெரிதாக்குவதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. அதற்கும் அடங்காவிட்டால் யூனிவர்சல் கம்பாக்ஷனுக்கு மாறலாம். அதில் ஒரு ரெக்கார்டு எழுதப்படும் தடவைகள் நன்றாகக் குறையும். ஆனால் பெரிய கலப்பு நடக்கும்போது டிஸ்க்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் தேவைப்படும். உங்கள் 200 ஜிபிக்கு மொத்தம் 400 ஜிபி ஒதுக்க முடிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.