வேன் ஆயாம்மாவுக்கு ஒரு வணக்கம்

தினமும் ஸ்கூல் பஸ் டிரைவருக்கும் ஆயாவுக்கும் வணக்கம் சொன்னால் பிள்ளைக்கு நன்றி உணர்வு வந்துவிடுமா?

நமக்காக ஒருவர் பட்ட சிரமத்தைக் கவனிப்பதுதான் நன்றி உணர்வு. வணக்கம் அதற்குத் தொடக்கம், கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி. கோட்டை நாம்தான் இழுத்துக் காட்ட வேண்டும்.

வேளச்சேரியில் தண்ணீர் தேங்கிய ஒரு காலையில், ஆயாம்மா இறங்கிவந்து என் மகளைத் தூக்கி ஏற்றினார். சாயங்காலம், "உன் ஷூ ஏன் நனையல?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆயாம்மா செருப்புதான் நனைஞ்சுது" என்றாள். மறுநாள் வணக்கத்தோடு, "செருப்பு காய்ஞ்சுதா ஆயாம்மா?" என்று அவளே விசாரித்தாள். "நன்றி சொல்லு" என்று பொதுவாகச் சொன்னால் சின்னப் பிள்ளைக்குப் பிடிபடாது. நடந்த காரியத்தைக் காட்டினால் பிடிபடும்.

அப்புறம், வணக்கம் சொல்லாத பிள்ளையைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கூச்சம், இல்லையென்றால் தூக்கக் கலக்கம். கையசைத்தாலும் சரிதான்.