லைவ் முடிந்தது, ரீப்ளே எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: யூடியூபில் லைவ் முடிந்த பிறகு வீடியோ எப்போது முழுதாக வரும், ஓரத்தில் ஓடிய சாட் எப்போது திரும்ப வரும்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தை லைவில் காட்டினோம். முடிந்து பத்து நிமிடம் கழித்து லிங்கைத் திறந்தால் கடைசிப் பகுதி மட்டும்தான் ஓடுகிறது. சாட் இருந்த இடத்தில் "Live chat replay is not available for this video." என்று வருகிறது. எல்லாம் போய்விட்டதா?

எதுவும் போகவில்லை. பத்து நிமிடத்தில் பார்த்ததுதான் தப்பு.

லைவ் ஓடும்போது வீடியோ ஒரே கோப்பாக இருப்பதில்லை. சில விநாடி நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்வையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும். லைவ் முடிந்ததும் யூடியூப் அந்தத் துண்டுகளைச் சேர்த்து, சாதாரண வீடியோவைப் போல மறுபடி வெவ்வேறு தரங்களில் தயாரிக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை லிங்கைத் திறப்பவருக்குக் கிடைப்பது லைவின் மிச்சம்தான். நீளமான நிகழ்ச்சியாக இருந்தால் வால் பகுதி மட்டும் கிடைப்பது அதனால்தான். அப்புறம் முழு நீளமும் வரும், ஆனால் முதலில் மங்கலான 360p-யில் வரும். 720p, 1080p எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேரும்.

சாட்டின் கதை வேறு. அது வீடியோவுக்குள் இல்லை, தனிப் பதிவு. ஒவ்வொரு செய்தியும் வீடியோவின் எந்த விநாடியில் தோன்ற வேண்டும் என்ற கணக்கோடு சேர்த்து வைக்கப்படுகிறது. அதனால் வீடியோ வந்த பிறகும் சாட் வராமல் கொஞ்ச நேரம் காய வைக்கும்.

நான் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறித்து வைத்த நேரங்களைச் சொல்கிறேன். மாலை 6:00-க்குத் தொடங்கி 8:40-க்கு முடிந்தது, 1080p. 8:45-க்குத் திறந்தபோது உங்களுக்கு வந்த அதே நிலைமை. 9 மணியை ஒட்டி முழு நீளமும் வந்துவிட்டது, மங்கலாக. 9:30-க்குப் பார்த்தபோது 1080p இருந்தது, சாட் இல்லை. சாப்பிட்டுவிட்டு 10:15-க்குப் பார்த்தேன், சாட்டும் வந்திருந்தது. இதுவே எல்லா நிகழ்ச்சிக்கும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேர நிகழ்ச்சி சில நிமிடங்களில் வந்துவிடும். 4K-யில் காட்டினால் உயர்ந்த தரம் வரப் பல மணி நேரம் ஆகலாம். ஒரு மணி நேர 4K வீடியோவை, விநாடிக்கு 30 ஃப்ரேம் கணக்கில் ஏற்றினால், உயர் தரம் தயாராக 4 மணி நேரம்வரை ஆகலாம் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: வீடியோவுக்கு அன்றிரவு வரை, சாட்டுக்கு மறுநாள் இதே நேரம் வரை பொறுப்பேன். அதற்கு மேலும் சாட் வரவில்லை என்றால் அது தாமதம் இல்லை, வேறு காரணம் இருக்கிறது. யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் லைவ் அமைப்புகளைத் திறந்து "Live chat replay" தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோவைக் குழந்தைகளுக்கானது என்று குறித்திருந்தால் லைவ் சாட்டே இருந்திருக்காது, ரீப்ளேவுக்கு வழியே இல்லை.

லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ஸ்ட்ரீமை நிறுத்திவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆகியும் ரீப்ளே வரவில்லை.

லைவ் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். கிண்டல் இல்லை, எனக்கு வரும் புகார்களில் அடிக்கடி நடப்பது இதுதான்.

ஓபிஎஸ்ஸில் நிறுத்துவது படத்தை அனுப்புவதைத்தான் நிறுத்துகிறது. நிகழ்ச்சி முடிந்தது என்று யூடியூபிடம் யாராவது சொல்ல வேண்டும். லைவ் கட்டுப்பாட்டு அறையில் "Enable Auto-stop" இயக்கத்தில் இருந்தால், படம் வருவது நின்றதும் யூடியூப் தானாக முடித்துக்கொள்ளும். அது அணைக்கப்பட்டிருந்தால், நடுவில் இணையம் போய்விட்டது, திரும்ப வருவார் என்று யூடியூப் காத்துக்கொண்டே இருக்கும். முடியாத லைவுக்கு ரீப்ளே தயாரிக்கத் தொடங்க முடியாது.

ஸ்டூடியோவைத் திறந்து "End stream" அழுத்துங்கள். ரீப்ளேவுக்கான காத்திருப்பு அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும், நீங்கள் மடிக்கணினியை மூடிய நிமிடத்திலிருந்து இல்லை. கிராமத்துக் கோயில் திருவிழா மாதிரி இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் நான் வேண்டுமென்றே Auto-stop-ஐ அணைத்து வைப்பேன். இல்லாவிட்டால் ஒரு முறை சிக்னல் போனாலே நிகழ்ச்சி இரண்டாகப் பிளந்து இரண்டு வீடியோவாகிவிடும். ஆனால் அணைத்து வைத்தால் கடைசியில் கையால் முடிக்க மறக்கக் கூடாது.

தொடக்கத்தில் பதினான்கு நிமிடம் வெறும் மேடைதான் தெரிந்தது. ஸ்டூடியோவிலேயே அதை வெட்டிவிட்டேன். இப்போது சாட் காணோம். எப்போது வரும்?

வராது. வீடியோ எடிட்டரில் வெட்டிய லைவுக்குச் சாட் ரீப்ளே கிடையாது. மேலே சொன்னேனே, ஒவ்வொரு செய்தியும் ஒரு விநாடியோடு கட்டப்பட்டிருக்கிறது என்று. முன்னால் 14 நிமிடத்தை எடுத்துவிட்டால், 20-ஆவது நிமிடத்தில் "மைக் கேட்கவில்லை" என்று ஒருவர் எழுதியது, வெட்டிய வீடியோவில் வேறு யாரோ பேசும் இடத்தில் போய் நிற்கும்.

சாட் முக்கியம் என்றால் வெட்டாமல் சமாளிக்கலாம். பேச்சு 14:20-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 860 விநாடி. பகிரும் லிங்கின் கடைசியில் `&t=860s` சேர்த்தால் (சிறிய youtu.be லிங்கில் கேள்விக்குறி இல்லாவிட்டால் `?t=860`) அந்த இடத்திலிருந்தே ஓடும், சாட்டும் கூடவே வரும். விளக்கப் பகுதியில் அத்தியாயங்களும் போடலாம். முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று அத்தியாயமாவது வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது:

```
0:00 காத்திருப்பு
14:20 வரவேற்புரை
21:05 சிறப்புரை
1:32:40 கேள்வி நேரம்
```

வெட்டியே தீர வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் சாட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழி கீழே.

எங்கள் சேனலில் பக்திப் பாட்டு 24 மணி நேரமும் ஓடுகிறது. நேற்று நிறுத்தினோம். ரீப்ளேயே இல்லை.

12 மணி நேரத்துக்கும் குறைவான லைவைத்தான் யூடியூப் தானாகச் சேமித்து வைக்கும். அதைத் தாண்டி ஓடிய லைவுக்கு ரீப்ளேவை நம்பி இருக்க முடியாது. இதில் காத்திருந்து பயனில்லை. இனிமேல் வேண்டுமென்றால் 11 மணி நேரத்துக்கு ஒரு முறை முடித்துவிட்டுப் புதிய லைவ் தொடங்குங்கள், ஓபிஎஸ்ஸில் கணினியிலேயே ஒரு பதிவும் ஓடட்டும்.

பாட்டு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேமித்த ரீப்ளேவையும் பதிப்புரிமைச் சோதனை விடாது. லைவில் தடையில்லாமல் ஓடியது, ரீப்ளே வந்து சில மணி நேரத்தில் காணாமல் போனது என்றால், ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு எதிரே பதிப்புரிமைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீப்ளே தயாரா என்று அடிக்கடி பக்கத்தைத் திறந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? சாட்டை எப்படிச் சேமிப்பது?

கட்டளை வரி பழக்கமிருந்தால் yt-dlp என்ற பதிவிறக்கக் கருவி போதும். உங்கள் சொந்த லைவுக்குப் பயன்படுத்துங்கள்.

```
yt-dlp --print live_status "https://www.youtube.com/watch?v=VIDEO_ID"
```

`is_live` என்று வந்தால் லைவ் இன்னும் முடியவில்லை. இரண்டாவது கேள்வியை அனுப்பியவர் இதை ஓட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். `post_live` என்றால் லைவ் முடிந்தது, வீடியோ இன்னும் தயாராகவில்லை. `was_live` என்றால் வீடியோ தயார். ஆனால் `was_live` வந்துவிட்டதால் சாட்டும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சாட்டுக்கு இதை ஓட்டிப் பாருங்கள்:

```
yt-dlp --skip-download --write-subs --sub-langs live_chat "https://www.youtube.com/watch?v=VIDEO_ID"
```

சாட் தயாராகியிருந்தால் பெயரின் கடைசியில் `live_chat.json` என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். தயாராகவில்லை என்றால் கோப்பு வராது, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டுங்கள். கோப்புக்குள் ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் `videoOffsetTimeMsec` என்று ஓர் எண் இருக்கும். வீடியோ தொடங்கி எத்தனை மில்லி விநாடியில் அந்தச் செய்தி வந்தது என்பது அது. 860000 என்றால் 14:20.

நிரல் எழுதுபவர்கள் யூடியூபின் அதிகாரபூர்வ ஏபிஐ வழியாக இதை எடுக்கலாம் என்று நினைப்பார்கள். அதிலிருக்கும் `activeLiveChatId` லைவ் ஓடும்போது மட்டும்தான் நிரம்பியிருக்கும், நிகழ்ச்சி முடிந்ததும் நீக்கப்பட்டுவிடும். அந்த வழியில் போவதென்றால் லைவ் நடக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

சாட் ரீப்ளே வந்துவிட்டது. ஆனால் நான் எழுதியது மட்டும் இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சாட் பெட்டியின் மேலே "Top chat replay" என்று இருக்கும். அது சில செய்திகளை வடிகட்டிவிடும். அதைத் தொட்டு "Live chat replay"-க்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால், சேனல்காரரோ அவர் நியமித்த மட்டுறுத்தரோ அதை நீக்கியிருப்பார். நீக்கிய செய்தி ரீப்ளேவிலும் வராது. ஏன் நீக்கினார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.